ஸ்வைப் பண்ணாதவங்களுக்கும் சேர்த்து ஒரு அட்டை
(திருத்தணியில் கல்லூரி மாணவர்கள், உள்ளூர்ப் பக்கங்கள் நடத்துபவர்கள், இ-சேவை மையப் பணியாளர்கள் முன் பேசியதின் எழுத்து வடிவம்)



நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பாட்காஸ்ட் எபிசோடு ஒண்ணு வெளிவருதுன்னா, அதுக்கு முன்னாடி நாள் இன்ஸ்டாகிராமில் ஐந்தாறு அட்டைகள் வரும், பார்த்திருப்பீங்க. விரலால தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. முதல் அட்டையில் தலைப்பு, இரண்டாவதில் விருந்தினர் யார்னு ஒரு அறிமுகம், அடுத்த மூன்றில் பேச்சிலிருந்து மூன்று விஷயம், கடைசியில் எங்கே கேட்கலாம்னு ஒரு வரி. இதைத்தான் கரூசல்னு சொல்றோம். கிட்டத்தட்ட எல்லாப் பாட்காஸ்டும் இதே வடிவத்தில்தான் போடுறாங்க.

சினிமா, கிரிக்கெட், சமையல்னு பேசுற பாட்காஸ்டுக்கு இந்த அட்டைகளோட வேலை ஒண்ணுதான், ஆசையைக் கிளப்பிவிடணும். பாதி சொல்லி மீதியை மறைச்சா போதும். ஆனா குடிமக்கள் சேவை பற்றிய எபிசோடுக்கு அப்படிச் செய்ய முடியாது. காரணம் சாதாரணமானது. அட்டையைப் பார்க்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க எபிசோடைக் கேட்கப் போறதில்லை. அரக்கோணத்திலிருந்து திருத்தணி வர்ற ரயிலில் நின்னுக்கிட்டே போனைத் தள்ளுற ஒருத்தருக்கு அட்டை பார்க்க இருபது விநாடி இருக்கும், நாற்பது நிமிஷப் பேச்சு கேட்க நேரம் இருக்காது. அவர் மனசுல தங்கப்போறது அட்டையில் இருந்தது மட்டும்தான். அது அரைகுறையா இருந்தா, அரைகுறையாவே ஊர் பூரா பரவும்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுசா செய்து பார்ப்போம். கற்பனை எபிசோடுதான், ஆனா விஷயம் இந்த ஊரோட சொந்த விஷயம்.

தலைப்பு: நேட்டிவிட்டி சான்றிதழ். விருந்தினர்: திருத்தணியில் இ-சேவை மையம் நடத்துற ஒரு அக்கா. ஏன் இந்தத் தலைப்புன்னா, இது எல்லையோர ஊர். நகரி, புத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிச்சுட்டு, வீடு தமிழ்நாட்டில் இருக்கிற பிள்ளைகள் இருக்காங்க. அப்பாவுக்கு அங்கே வேலை, அம்மா வீடு அங்கே, ஏதோ ஒரு காரணம். பிளஸ் டூ முடிச்சு தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கேள்வி வருது. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாம் தமிழ்நாட்டிலேயே படிச்சவங்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. அந்த ஐந்து வகுப்பில் ஒண்ணையாவது வெளி மாநிலத்தில் படிச்சிருந்தா, சொந்த ஊர் தமிழ்நாடுதான்னு காட்ட அந்தச் சான்றிதழைப் பதிவேற்றணும். மதுரைப் பக்கத்தில் இது எப்பவாவது ஒரு பிள்ளைக்கு வர்ற பிரச்சினை. இங்கே ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இருக்கலாம்.

சரி, ரெக்கார்டிங் முடிஞ்சது, நாற்பது நிமிஷம் இருக்கு. முதல்ல டிசைன் ஆப்பைத் திறக்காதீங்க. முழுசா ஒருமுறை கேளுங்க, கேட்கும்போது நிமிஷத்தைக் குறிச்சுக்கிட்டே வாங்க. 4:10-ல் எட்டு முதல் பன்னிரண்டு வரை பற்றிச் சொல்றாங்க, 17:30-ல் பழைய காகிதம் பற்றி, 29-வது நிமிஷத்தில் ஓடிபி வராத கதைன்னு ஒரு பட்டியல். பத்துப் பன்னிரண்டு குறிப்பு தேறும். அதிலிருந்து மூன்றை எடுக்கணும்.

எதை எடுக்கிறதுங்கிறதில்தான் பலரும் தடுமாறுறாங்க. பேச்சில் சிரிப்பு வந்த இடம், விருந்தினர் குரல் கம்மின இடம், இதெல்லாம் கேட்க நல்லா இருக்கும். ஆனா அட்டையில் எழுத்தா போட்டா அதுல பாதி உயிர் இருக்காது. நான் கேட்டுக்கிற கேள்வி இதுதான்: இந்த ஒரு வரி தெரியாததால நாளைக்குக் காலையில் யாராவது தாலுகா ஆபீஸ் வரைக்கும் வீணா போயிட்டு வருவாங்களா? ஆமான்னா அந்த வரி அட்டைக்கு வரணும். இந்த எபிசோடில் அப்படி மூன்று இருக்கு. வெளி மாநிலத்தில் படிச்சா சான்றிதழ் வேணும் என்பது ஒண்ணு. தாத்தா காலத்துக் காகிதத்தில் சித்தூர் மாவட்டம்னு இருந்தா பயப்படணுமா என்பது இரண்டாவது. ஓடிபி எந்த போனுக்குப் போகுது என்பது மூன்றாவது. நாலாவதா ஒண்ணும் நல்லாத்தான் இருக்கும், விடுங்க. இன்ஸ்டாகிராம் இருபது அட்டை வரை இடம் கொடுக்குது, ஆனா பார்க்கிறவங்க விரல் அவ்வளவு தூரம் தள்ளாது.

இப்போ முதல் அட்டை. இதுக்கு வழக்கமா வர்ற தலைப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். "இந்த ஒரு தவறு செய்தா உங்க இன்ஜினீயரிங் சீட் போச்சு!" பக்கத்தில் அழுகிற மாணவி படம். நிறைய பேர் தட்டுவாங்க, உண்மைதான். ஆனா அதைப் பார்த்துப் பயந்து போறது யாரு? பிறந்ததிலிருந்து திருத்தணியிலேயே படிச்ச பையனோட அம்மா. அவங்களுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் இ-சேவை மையத்தில் வந்து நிப்பாங்க, அறுபது ரூபாய் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பாங்க. உண்மையிலேயே தேவைப்படுற பிள்ளை அவங்களுக்குப் பின்னாடி வரிசையில் நிற்கும்.

அதனால முதல் அட்டையே யாருக்கானதுன்னு சொல்லிடணும், யாருக்கு இல்லைங்கிறதும் அதிலேயே புரியணும். நான் இப்படி எழுதுவேன்: "எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பு ஆந்திராவில் படிச்சீங்களா? கவுன்சலிங்குக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேணும்." பயமுறுத்தல் இல்லை. சம்பந்தம் இல்லாதவங்க ஒரு விநாடியில் தள்ளிட்டுப் போயிடுவாங்க, போகட்டும். சம்பந்தப்பட்டவங்க நின்னு பார்ப்பாங்க.

இங்கே ஒரு சின்னச் சொல் சிக்கல் இருக்கு. நேட்டிவிட்டிக்குத் தமிழில் பிறப்பிடச் சான்றிதழ். பர்த் சர்ட்டிபிகேட்டுக்கு பிறப்புச் சான்றிதழ். இரண்டையும் சின்ன எழுத்தில், ரயில் ஆட்டத்தில் படிச்சுப் பாருங்க, கண் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். முதல் அட்டையில் நேட்டிவிட்டின்னு பேச்சு வழக்கில் இருக்கிற சொல்லையே போட்டுட்டு, உள்ளே ஒரு இடத்தில் "விண்ணப்பத்தில் இதன் பெயர் பிறப்பிடச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் வேறு"ன்னு தனி வரியாச் சொல்லிடறது நல்லது. தூய தமிழ் வேணும்னு யாராவது சண்டைக்கு வந்தா, பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு வந்து நின்னவங்களைக் காட்டுங்க.

இரண்டாவது அட்டை, விருந்தினர் அறிமுகம். இது ரொம்ப முக்கியமான அட்டை, ரொம்ப அலட்சியமா செய்யப்படுறதும் இதுதான். படம் ஒண்ணு, பெயர், பதவி, "பல ஆண்டு அனுபவம் மிக்கவர்"னு ஒரு வரி, முடிஞ்சது. அனுபவம் மிக்கவர்ங்கிறது யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். இவங்களை ஏன் நான் கேட்கணும்ங்கிறதுக்குப் பதில் அதில் இல்லை. "திருத்தணியில் இ-சேவை மையம் நடத்துகிறார். எல்லை தாண்டிப் படித்த பிள்ளைகளின் நேட்டிவிட்டி விண்ணப்பங்களைப் பதிவு செய்பவர்"னு எழுதினா, அவங்க எந்த மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்து என்ன பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுடும்.

அதோட இன்னொரு வரியும் சேர்க்கணும். சான்றிதழ் கொடுக்கிறது இவங்க இல்லை. விண்ணப்பம் இவங்க மையத்தில் பதிவாகும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாப் போய், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்துதான் சான்றிதழ் வரும். அட்டையில் இதைச் சொல்லாம விட்டா, எபிசோடு வந்த மறுநாளே "நீங்கதானே பாட்காஸ்டில் பேசினீங்க, ஏன் என் பையனுக்கு இன்னும் வரலை"ன்னு அந்த அக்கா மையத்தில் சண்டை நடக்கும். ஒரு விருந்தினரை எதுக்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர்னு காட்டுறதோட, எது அவங்க கையில் இல்லைன்னும் காட்டணும். அதுதான் அவங்களுக்குச் செய்யிற மரியாதை.

படம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வேலை செய்யிற இடத்திலேயே எடுத்தா நல்லா இருக்கும்னு எல்லோரும் நினைப்போம், சரிதான். ஆனா இ-சேவை மையத்தில் மேசை பூரா யாரோ ஒருத்தரோட ஆதார் நகல், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் யாரோட விண்ணப்பமோ திறந்திருக்கும். இப்போ இருக்கிற போன் கேமராவில் எடுத்த படத்தைப் பெரிசு பண்ணினா எண் தெளிவாப் படிக்கலாம். அதனால படம் எடுக்கிறதுக்கு முன்னாடி மேசையைக் காலி பண்ணுங்க, திரையை அணைச்சுடுங்க. மங்கலாக்கிக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க, ஒரு இடம் கண்டிப்பா விட்டுப்போகும். அப்புறம் விருந்தினரோட சொந்த போன் நம்பரை அட்டையில் போடவே வேண்டாம், அவங்களே சரின்னு சொன்னாலும். ஒரு மாசம் கழிச்சு அவங்க வருத்தப்படுவாங்க. எப்படி அழைக்கணும், பெயரோட முதலெழுத்து எது, படம் எது, இதெல்லாம் வெளியிடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டிச் சம்மதம் வாங்கிடுங்க.

இனி அந்த மூன்று விஷயம். நான் வெச்சிருக்கிற கணக்கு ஒண்ணுதான்: விதி அட்டையில் இருக்கணும், கதை எபிசோடில் இருக்கலாம். தகவலை மறைச்சு ஆளை இழுக்கக் கூடாது. தகவலைக் கொடுத்துட்டு, அது ஏன் அப்படி, எப்படிச் சமாளிச்சாங்கங்கிற ஆவலை மிச்சம் வைக்கலாம்.

முதல் விஷயத்தில் இது சுலபம். "எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படிச்சவங்களுக்குத் தேவையில்லை. ஒரு வகுப்பு வெளியில் என்றாலும் தேவை." இவ்வளவுதான் விதி. கீழே சின்னதா: "ஒன்பதாம் வகுப்பு மட்டும் நகரியில் படித்த மாணவிக்கு என்ன ஆனது? 4:10-ல் கேளுங்க." கேட்காம போனவங்களுக்கும் விதி போய்ச் சேர்ந்துடுச்சு.

இரண்டாவது விஷயம்தான் இந்த ஊருக்கே உரியது, கொஞ்சம் நின்னு சொல்றேன். அக்கா சொன்னதா வெச்சுப்போம்: ஒரு பையனோட தாத்தா படிச்ச காலத்துப் பள்ளிச் சான்றிதழைக் கொண்டு வந்தாங்க, அதில் ஊர் திருத்தணி, மாவட்டம் சித்தூர்னு இருக்கு. குடும்பமே பதறிடுச்சு, நம்ம தாத்தா ஆந்திராக்காரரா, சான்றிதழ் கிடைக்காதோன்னு. காகிதத்தில் தப்பு இல்லை. திருத்தணி அப்போ சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோட திருத்தணியும் அங்கே போனது. 1956 நவம்பரில் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்தின வடக்கெல்லைப் போராட்டம், அதுக்கப்புறம் படாஸ்கர் பரிந்துரை, 1959-ல் எல்லை மாற்றச் சட்டம்னு போய், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. முதல்ல செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அதில். நடுவில் 1969-ல் மாநிலத்தோட பெயரும் தமிழ்நாடு ஆனது. வீட்டை விட்டு நகராமலேயே ஒரு மனுஷன் காகிதத்தில் இத்தனை முகவரி மாறியிருக்கார். பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ராணுவத்தில் இருந்த தாத்தாவோட சர்வீஸ் புத்தகம்னு எதை எடுத்தாலும் எந்த வருஷத்துக் காகிதம்னு முதல்ல பார்த்தா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

இதை ஒரு அட்டைக்குள் அடைக்கணும். வரலாறு முழுக்க எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. "தாத்தா காகிதத்தில் 'சித்தூர் மாவட்டம்' என்றிருக்கா? தேதியைப் பாருங்க. 1960 ஏப்ரல் 1-க்கு முன் திருத்தணி அங்கேதான் இருந்தது." பெரிய எழுத்தில் 1960. இதுதான் இந்த ஆறு அட்டையில் அதிகம் பகிரப்படப் போற அட்டை, ஏன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டுறதுக்கு ஒரு விஷயம் இருக்கு.

ஆனா இதே அட்டையில்தான் பெரிய ஆபத்தும் இருக்கு. ரெக்கார்டிங்கில் அக்கா சொன்னது இப்படின்னு வெச்சுக்கோங்க: "அந்தக் காகிதம் மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். கூட வேற ஆதாரமும் வெச்சிருந்தா பெரும்பாலும் பிரச்சினை வர்றதில்லை, கேட்கிறது ஆபீசர் இஷ்டம்." நாற்பது நிமிஷத்தில் இது ஓடிப்போயிடும். அட்டைக்காகச் சுருக்குறவர் என்ன செய்வார்? இடம் இல்லைன்னு "பெரும்பாலும்"-ஐ எடுப்பார். அப்புறம் "கூட வேற ஆதாரம்" போகும். கடைசியில் மேற்கோள் குறிக்குள், அக்கா படத்துக்குப் பக்கத்தில், "சித்தூர்னு இருந்தாலும் பிரச்சினை வராது!"ன்னு நிற்கும். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனா அதை நம்பி ஒரு குடும்பம் ஒரே ஒரு பழைய காகிதத்தோட போய் நிற்கும்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய பழக்கம் இருக்கு. மேற்கோள் குறிக்குள் போடுறதா இருந்தா, பேச்சிலிருந்து அப்படியே, ஒரு சொல்லும் மாத்தாம எடுங்க. சுருக்கணும்னா மேற்கோள் குறியை எடுத்துட்டு உங்க வார்த்தையில் எழுதுங்க. சுருக்கின வரியை, குறிச்சு வெச்ச நிமிஷத்தில் ஆடியோவை ஓடவிட்டு ஒருமுறை ஒப்பிடுங்க. பெரும்பாலும், சில சமயம், கேட்டால், கூட, மட்டும் மாதிரி சின்னச் சொற்கள் ஆடியோவில் இருந்து அட்டையில் காணாம போயிருந்தா, அங்கே அர்த்தம் மாறியிருக்கும். அந்தச் சொல்லைத் திரும்ப வெச்சுட்டு வேற எதையாவது வெட்டுங்க.

மூன்றாவது விஷயம், ஓடிபி. சீக்கிரம் சொல்லிடறேன். இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருத்தருக்கும் கேன் எண் இருக்கும், விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணோட இணைச்ச மொபைலுக்கு ஓடிபி போகும். எப்பவோ ரேஷன் வேலையாவோ வருமானச் சான்றிதழுக்கோ பதிஞ்சபோது கொடுத்த பழைய சிம் இப்போ கையில் இல்லைன்னா, கடைசி நாளில் போய் நின்னு திண்டாடணும். அட்டையில் வரவேண்டியது: "மையத்துக்குப் போகும் முன் பாருங்க: கேன் எண்ணில் இருக்கும் மொபைல் இன்னும் உங்ககிட்ட இருக்கா?" கூடவே ஒரு வரி, "ஓடிபியை போனில் யார் கேட்டாலும் சொல்லாதீங்க. மையத்தில் நேரில் இருக்கும்போது மட்டும்." ஓடிபி பற்றி ஒரு அட்டை போட்டு அந்த வரி இல்லாம விட்டா, மோசடிக்காரனுக்கு நாமே பாதை போட்டுக்கொடுத்த மாதிரி.

கடைசி அட்டையில் எங்கே கேட்கலாம்ங்கிற விவரம். இன்ஸ்டாகிராமில் பதிவோட கீழே எழுதுற லிங்கைத் தட்டினா திறக்காது. பக்கத்தோட அறிமுகப் பகுதியில் இருக்கிற லிங்க்தான் திறக்கும், இல்லைன்னா ஸ்டோரியில் ஒட்டுற லிங்க். அதனால "லிங்க் எங்கள் பக்கத்தின் மேல் பகுதியில்"னு எழுதுங்க. சிலர் கடைசி அட்டையில் க்யூஆர் கோடு போடுறாங்க. கையில் இருக்கிற போனிலேயே படம் இருக்கு, அதை எந்த கேமராவால ஸ்கேன் பண்ணுறது? அது சுவரொட்டிக்கு நல்லது, இங்கே இடத்தை அடைக்கும். அதுக்குப் பதிலா அரசு இணையதள முகவரிகளை எழுத்தா போடுங்க: விண்ணப்பத்துக்கு tnesevai.tn.gov.in, கவுன்சலிங் விதிகளுக்கு tneaonline.org. ஞாபகம் வெச்சு டைப் பண்ணக்கூடிய நீளம்தான். போலித் தளங்கள் இருக்கிற காலத்தில் சரியான முகவரியை எழுத்துக்கு எழுத்து காட்டுறதே ஒரு சேவை.

இதெல்லாம் எழுத்து வேலை. இனி அட்டை வெளியே போன பிறகு என்ன ஆகும்னு பார்க்கணும்.

முதல் விஷயம், அட்டைகள் வரிசையா இருக்காது. யாராவது 1960 அட்டையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாங்க. முதல் அட்டை, விருந்தினர் அட்டை எதுவும் கூட வராது. இன்ஸ்டாகிராமே கூட, நீங்க முதல் முறை தள்ளாம போனா, இன்னொரு சமயம் இரண்டாவது அட்டையை முன்னாடி காட்டும். அதனால ஒவ்வொரு அட்டையும் தனியா நின்னாலும் அர்த்தம் மாறாம இருக்கணும். ஒவ்வொண்ணிலும் ஓரமா பக்கத்தோட பெயர், எபிசோடு தலைப்பு, எந்த மாதம் எந்த வருஷம் என்பது இருக்கணும். தேதி போடலைன்னா, அறுபது ரூபாய் கட்டணம்னு எழுதின அட்டை கட்டணம் மாறின பிறகும் குழுக்களில் சுத்திக்கிட்டே இருக்கும். "ஆபீசில் கூடக் கேட்கிறாங்க"ன்னு பொல்லாப்பு வரும்.

வெளியான பிறகு ஒரு அட்டையில் பிழை தெரிஞ்சா, இன்ஸ்டாகிராமில் அந்த ஒரு படத்தை நீக்கலாம், ஆனா அதே இடத்தில் வேற படத்தை மாத்தி வைக்க முடியாது. கீழே இருக்கிற குறிப்பைத் திருத்தலாம். அதனால பிழையான படத்தை நீக்கிட்டு, குறிப்போட முதல் வரியில் எது மாறியதுன்னு எழுதி, திருத்தின அட்டையைத் தனிப் பதிவாப் போடணும். ஏற்கனவே வாட்ஸ்அப்பில் போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. திருத்தின அட்டையில் "முந்தைய அட்டைக்குப் பதிலாக"ன்னும் தேதியும் இருந்தாத்தான் குழுவில் எது புதுசுன்னு தெரியும்.

தமிழ் எழுத்து உடையிறது இன்னொரு தொல்லை. டிசைன் செய்யிற மென்பொருளில் தமிழுக்கான அமைப்பு சரியா இல்லைன்னா, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னாடி நிற்காம பின்னாடி போய் நிற்கும், இல்லைன்னா புள்ளி வட்டம் ஒண்ணு கூடவே வரும். டிசைனர் தமிழ் படிக்கத் தெரியாதவரா இருந்தா அவருக்கு அது கண்ணிலேயே படாது. "சென்னை, கொடுக்க, கேன், தேவை"ன்னு கொம்பு வர்ற சொற்களை மட்டும் முதல்ல பாருங்க, அங்கே சரியா இருந்தா பெரும்பாலும் மற்ற இடத்திலும் சரியா இருக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினாலும் இதே குழப்பம்தான், யூனிகோடில் தட்டச்சு செய்யுங்க.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 1080-க்கு 1350 பிக்ஸல்னு நெடுக்கா வெச்சா போனில் இடம் நிறையக் கிடைக்கும். எல்லா அட்டையும் ஒரே அளவா இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால ஆங்கில அட்டையில் பார்த்த வடிவத்தை அப்படியே எடுத்துத் தமிழ் நிரப்பினா எழுத்து சின்னதா போயிடும். முடிச்ச அட்டையை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெளிச்சத்தைக் குறைச்சு, மதிய வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்னு படிச்சுப் பாருங்க. கண்ணைச் சுருக்கினா எழுத்து சின்னதுன்னு அர்த்தம்.

படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பார்வையற்றவங்க போனில் இருக்கிற குரல் வாசிப்பு நம்பகமா படிச்சுக்காட்டாது. பதிவு போடும்போது மேம்பட்ட அமைப்புகளில் மாற்று உரைன்னு ஒரு இடம் இருக்கு. அங்கே "விருந்தினர் படம்"னு எழுதிட்டு விட்டுடாதீங்க, அட்டையில் இருக்கிற வரியை முழுசா அங்கே எழுதுங்க. குறிப்பிலும் மூன்று விஷயத்தையும் எழுத்தாவே போட்டுட்டா, டேட்டா மெதுவா இருந்து படம் வராதவங்களும் படிச்சுக்கலாம்.

திருத்தணியில் இன்னொரு கேள்வியும் வரும், தெலுங்கு. வீட்டில் தெலுங்கு பேசுற குடும்பங்களின் பிள்ளைகள்தான் இந்த எபிசோடோட நேயர்கள்ல நிறைய பேர். நகரியில் தெலுங்கு வழியில் படிச்ச பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறலாம். ஒரே அட்டையில் இரண்டு மொழியையும் திணிச்சா இரண்டும் சின்ன எழுத்தாகி யாருக்கும் உதவாது. தெலுங்குக்குத் தனித் தொகுப்பு போடுங்க. அதை இங்கே பேச மட்டும் தெரிஞ்சவரை விட, தெலுங்கில் படிச்சு எழுதின ஒருத்தர் பார்த்துக் கொடுக்கணும். நேட்டிவிட்டி என்ற சொல்லை அப்படியே வெச்சுக்கலாம், அது இரண்டு பக்கமும் புரியும்.

எப்போ போடுறது? பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் பதிவு தொடங்கின பிறகு போட்டா தாமதம், அப்போ எல்லா இ-சேவை மையத்திலும் கூட்டம். விண்ணப்பம் மூன்று மேசை தாண்டிப் போகணும்னு சொன்னேனே, அதுக்கு நாள் பிடிக்கும். பொதுத் தேர்வு முடிஞ்ச உடனே போடுங்க, பிள்ளைகள் கொஞ்சம் ஓய்வா இருக்கிற சமயம். ஆடிக் கிருத்திகை நெருங்குற வாரத்தில் மட்டும் இந்த ஊரில் எந்த அட்டையும் போடாதீங்க. காவடி வீடியோவுக்கு நடுவில் உங்க சான்றிதழை யாரும் தேட மாட்டாங்க.

போட்ட பிறகு எத்தனை லைக்னு பார்க்காதீங்க. எத்தனை பேர் சேமிச்சாங்க, எத்தனை பேர் பகிர்ந்தாங்கன்னு பாருங்க, அந்த எண் பக்கத்தை நடத்துறவங்களுக்குத் தெரியும். அதை விட நல்ல அடையாளம் கேள்விகள். "நான் ஆறாம் வகுப்பு மட்டும் புத்தூரில் படிச்சேன், எனக்கு வேணுமா?"ன்னு ஒரு பிள்ளை கேட்டா, முதல் அட்டையில் எட்டு முதல் பன்னிரண்டு என்பது இன்னும் தெளிவா இல்லைன்னு அர்த்தம். அடுத்த முறை அந்த எண்ணைப் பெரிசாக்குங்க. அந்தப் பிள்ளைக்கு இப்போதே பதில் போடுங்க: ஆறாம் வகுப்பு இந்தக் கணக்கில் வராது, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிச்சிருந்தா நேட்டிவிட்டி தேவையில்லை.